ப்ரீ-பிட் பதில்களிலிருந்து விலைப்புள்ளிக்கு

டெண்டர் அறிவித்த அலுவலகம், விலை கொடுக்கும் கடைசி நாளுக்குப் பல நாள் முன்பாகவே ஒப்பந்தக்காரர்களை அழைத்து அவர்களுடைய சந்தேகங்களைக் கேட்கும். இந்தக் கூட்டத்துக்கு ப்ரீ-பிட் கூட்டம் என்று பெயர். கூட்டத்தில் பேசியவை கூட்டக் குறிப்பாக எழுதப்படும். எழுத்தில் வந்த கேள்விகளுக்குத் தனியாக விளக்கப் பதில் வெளியாகும். டெண்டர் ஆவணத்தையே மாற்ற வேண்டியிருந்தால் திருத்த அறிவிப்பு வரும். ஒப்பந்தக்காரர்கள் அதைக் காரிஜெண்டம் என்றே சொல்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு தேதியில், வெவ்வேறு நடையில், பெரும்பாலும் கேள்வி வந்த வரிசையிலேயே வெளியாகும். விலை போடுகிறவருக்கோ கேள்வி வரிசையால் பயனில்லை. எந்த நிபந்தனை எப்படி மாறியது, அதனால் அளவுப்பட்டியலின் எந்த வரியில் எவ்வளவு கூடும் அல்லது குறையும் என்பதுதான் அவருக்குத் தேவை. பல பக்கக் கேள்வி பதிலை ஓரிரு பக்க மாற்றப் பட்டியலாகச் சுருக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் இது மதிப்பீட்டுப் பொறியாளரின் பொறுப்பு. டெண்டர் விட்ட அலுவலகத்திலும் ஒருவர் இதே வேலையை மறுபக்கமிருந்து செய்கிறார். எந்தப் பதில் திருத்த அறிவிப்பாக வெளியாக வேண்டும் என்று பிரித்தெடுப்பது அவர் வேலை.

சுருக்கத் தொடங்குமுன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். இந்த டெண்டரில் எந்தத் தாளுக்கு நிபந்தனையை மாற்றும் அதிகாரம் உண்டு? உலக வங்கிக் கடனில் நடக்கும் பணிகளுக்கான நிலையான ஒப்பந்தப்புள்ளி ஆவணம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. ப்ரீ-பிட் கூட்டத்தால் ஆவணத்தில் மாற்றம் தேவைப்பட்டால், அதை இணைப்புத் திருத்தத்தின் வழியாக மட்டுமே செய்ய வேண்டும், கூட்டக் குறிப்பின் வழியாகச் செய்யக் கூடாது என்று அது விதிக்கிறது. கூட்டத்தில் தலைமைப் பொறியாளரே சொன்ன ஒன்று குறிப்பில் அச்சாகியிருந்தாலும், திருத்தமாக வராத வரை நிபந்தனை பழையபடியே நிற்கும். வேறு பல டெண்டர்களில், வெளியிட்ட விளக்கப் பதில்களும் டெண்டர் ஆவணத்தின் பகுதியாகும் என்று ஒரு வரி இருக்கும். அங்கே பதிலே திருத்தத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. இரண்டுக்கும் விளைவு வேறு என்பதால், ஒப்பந்தப்புள்ளி தருவோருக்கான அறிவுரைப் பகுதியில் இந்த வரியைத் தேடிப் படித்த பிறகே பதில்களைத் திறப்பது நல்லது.

தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவற்ற தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் அடிப்படை. ஆவணத்தில் செய்யும் மாற்றத்தை ஒருவருக்கு மட்டும் சொல்லாமல் எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும், கேள்வி கேட்டவர் யார் என்று காட்டாமல் பதில் தர வேண்டும் என்பதே அவற்றின் போக்கு. அதனால் பதில் பட்டியலில் கேள்வி கேட்ட நிறுவனத்தின் பெயர் இருக்காது. ஒரே சந்தேகத்தை நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டிருந்தால், அது நான்கு இடத்தில், சில சமயம் சற்றே மாறுபட்ட பதிலோடு நிற்கும். சுருக்குகிறவர் முதலில் இவற்றை நிபந்தனை வாரியாக ஒன்றுகூட்ட வேண்டும். கேள்வி எண் 7, 19, 33 மூன்றும் குழாயின் தரத்தைப் பற்றியவை என்றால் மூன்றும் ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும். அப்போதுதான் அவற்றுக்குள் முரண் இருந்தால் கண்ணில் படும்.

கேள்விக்கு வரும் பதில்களின் மொழியையும் அறிந்திருக்க வேண்டும். அலுவலகங்கள் பயன்படுத்தும் சொற்றொடர்கள் சிலவே. அவற்றில் அதிகம் வருவது ‘டெண்டர் நிபந்தனைப்படி’ என்பது. பார்த்த மாத்திரத்தில் இதற்கு ஒன்றும் மாறவில்லை என்று பொருள் தோன்றும். ஆவணத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். விலையைப் பொறுத்தவரை அப்படி இருக்க வேண்டியதில்லை. கேட்டவர் தமக்குச் சாதகமாக ஓர் ஊகம் வைத்து விலை போட்டிருப்பார். அந்த ஊகத்தை அலுவலகம் ஏற்கவில்லை என்பதுதான் அந்தப் பதிலின் செய்தி. ஊகம் விழுந்தால் விலையும் மாற வேண்டும். அடுத்தது ‘ஆம்’ அல்லது ‘உறுதி செய்யப்படுகிறது’ என்ற ஒற்றைச் சொல் பதில். இங்கே நிபந்தனை கேள்வியின் வாசகத்துக்குள் இருக்கிறது. வால்வுகளின் விலை குழாய் பதிக்கும் விலையிலேயே அடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டு, அதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், அவர் கேட்ட வாக்கியமே எல்லோருக்கும் நிபந்தனையாகிவிடும். பதில் பத்தியை மட்டும் நகலெடுத்துச் சுருக்குகிறவர் இதைத் தவறவிடுவார். மூன்றாவது வகை ‘குறித்துக்கொள்ளப்பட்டது’, ‘பரிசீலிக்கப்படும்’ என்பவை. இவற்றால் எதுவும் மாறுவதில்லை. பழைய நிபந்தனை முழு வலிமையோடு இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டு, பின்னால் திருத்தம் வருகிறதா என்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவற்றை ஒரு மாதிரிப் பணியில் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ஒரு பேரூராட்சியில் குடிநீர் விநியோகக் குழாய் பதித்து, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டி, முடிந்தபின் 5 ஆண்டு பராமரித்துத் தரும் பணி என்று வைத்துக்கொள்ளலாம். 200 மி.மீ. விட்டமுள்ள டி.ஐ. எனப்படும் நீட்சி வார்ப்பிரும்புக் குழாய் 2,400 மீட்டர், 110 மி.மீ. எச்.டி.பி.இ. குழாய் 6,500 மீட்டர். முடிக்கும் காலம் 12 மாதம். ப்ரீ-பிட் கூட்டத்துக்குப் பிறகு கூட்டக் குறிப்பும், 41 கேள்விகளுக்கான பதில் பட்டியலும், ஒரு வாரம் கழித்து முதல் திருத்த அறிவிப்பும், அதற்கும் பிறகு இரண்டாம் திருத்த அறிவிப்பும் வெளியாகின்றன. இங்கே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. 41 கேள்விகளில் பெரும்பாலானவை தகுதிச் சான்றுகள், படிவங்கள் பற்றியவை. விலையைத் தொடுபவை ஐந்தே.

முதலாவது எளிதானது. டி.ஐ. குழாய் அளவுப்பட்டியலில் கே-7 தரம் என்றும், வரைபடத்தில் கே-9 என்றும் இருந்தது. கே-9 என்பது தடித்த சுவர் கொண்டது. 200 மி.மீ. குழாயில் அதன் சுவர் 6.3 மி.மீ. வரும். கே-7-இன் சுவர் அதைவிட மெல்லியது. கேள்விக்குப் பதிலாக ‘கே-9 பொருந்தும்’ என்று வந்தது. முதல் திருத்த அறிவிப்பில் அளவுப்பட்டியலின் அந்த வரியும் மாற்றப்பட்டது. குழாய் விற்பவர் மீட்டருக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கேட்டால், 2,400 மீட்டருக்கு 7,20,000 ரூபாய். இதில் கணக்கு சிரமமில்லை. தவறு நடக்கும் இடம் வேறு. குழாய் விற்பவரிடம் விலை வாங்கியது கூட்டத்துக்கு முன்பு. அவர் கொடுத்த விலைக் கடிதத்தில் கே-7 என்றே இருக்கிறது. மதிப்பீட்டுப் பொறியாளர் தம் பட்டியலில் கே-9 என்று திருத்திவிட்டு, விலையைப் பழைய கடிதத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார். வாசகம் மாறுகிறது, தொகை மாறுவதில்லை. மாற்றப் பட்டியலில் ‘யாரிடம் மறுவிலை கேட்க வேண்டும்’ என்று ஒரு கட்டம் வைத்து, புதிய கடிதத்தின் தேதி எழுதப்படும் வரை அந்த மாற்றத்தை முடிந்ததாகக் கருதாமல் இருப்பதுதான் இதற்கு வழி.

இரண்டாவது மாற்றம் எந்தத் திருத்த அறிவிப்பிலும் வராதது. அனுபவமுள்ளவர்களும் அதிகம் தவறவிடுவது இதைத்தான். பள்ளம் தோண்டும்போது பாறை வந்தால் தனி விலை உண்டா என்று ஒருவர் கேட்டார். ‘டெண்டர் நிபந்தனைப்படி’ என்று பதில். நிபந்தனையைத் திறந்து பார்த்தால், தோண்டும் விலை எல்லா வகை மண்ணுக்கும் பாறைக்கும் பொருந்தும், கூடுதல் தொகை தரப்படாது என்று இருக்கிறது. தனி விலை கிடைக்கும் என்று எண்ணி மண் விலை மட்டும் போட்டிருந்தவர் இப்போது பாறையை அந்த விலைக்குள் ஏற்றியாக வேண்டும். மொத்தக் குழாய் நீளம் 8,900 மீட்டர். பள்ளத்தின் அகலம் 0.75 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர் என்றால் தோண்டும் அளவு 8,010 கன மீட்டர். பணியிடத்தில் ஆறேழு இடத்தில் சோதனைக் குழி போட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ 15 விழுக்காடு பாறை என்று தெரிந்தால், பாறை சுமார் 1,200 கன மீட்டர். பிரேக்கர் இயந்திரம் வைத்து உடைக்க மண்ணைவிடக் கன மீட்டருக்கு 900 ரூபாய் அதிகம் ஆகும் என்றால், 10,80,000 ரூபாய். இதை முழு 8,010 கன மீட்டருக்கும் பகிர்ந்தால், தோண்டும் விலையில் கன மீட்டருக்கு 135 ரூபாய் கூட வேண்டும். ஆவணத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே, குழாயின் தரம் மாறியதைவிடப் பெரிய தொகை விலைக்குள் வந்துவிடுகிறது. சுருக்கும்போது ‘மாற்றமில்லை’ என்று அடித்துவிடும் பதில்களை ஒரு முறை மறுபடி பார்த்து, அவை யாருடைய எந்த ஊகத்தை மறுத்தன என்று கேட்க வேண்டியது இதனால்தான். தம் நிறுவனத்தின் விலையும் அதே ஊகத்தின் மேல் நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி.

மூன்றாவதில் இரண்டு பதில்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. விலை உயர்வுக்கு ஈடு உண்டா என்று ஒரு கேள்வி. ‘டெண்டர் நிபந்தனைப்படி’ என்று பதில். பணி முடிக்கும் காலம் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மட்டுமே விலை மாற்ற ஈடு உண்டு என்பது அந்த டெண்டரின் நிபந்தனை. அப்போது காலம் 12 மாதம்தான், ஆகவே ஈடு இல்லை. பின்னால் வந்த முதல் திருத்த அறிவிப்பு, காலத்தை 18 மாதமாக நீட்டியது. விலை மாற்ற ஈட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் இப்போது ஈடு உண்டு என்றே பொருள்படும். தனித்தனியாகச் சுருக்கி, ஒரு வரியில் ‘விலை மாற்றம்: மாற்றமில்லை’, இன்னொரு வரியில் ‘காலம்: 18 மாதம்’ என்று எழுதியவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் குழாய் விலையும் இரும்பு விலையும் ஏறும் என்று பயந்து தாமே ஒரு பாதுகாப்புத் தொகையைச் சேர்ப்பார். ஈடு உண்டு என்று படித்தவர் அதைச் சேர்க்க மாட்டார். போட்டியில் இந்த வித்தியாசமே முதல் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் தீர்மானித்துவிடலாம்.

ஆயினும் இரண்டு தாளையும் சேர்த்துப் படித்து எடுத்த பொருள், அலுவலகம் சொன்ன பொருள் ஆகாது. கேள்வி கேட்கும் காலம் இன்னும் முடியவில்லை என்றால், திருத்தம் வந்த அன்றே மறுகேள்வி அனுப்ப வேண்டும். 18 மாதம் ஆனதால் விலை மாற்ற ஈடு பொருந்துமா, அடிப்படை மாதம் எது என்று ஒரே வரியில் கேட்டால் போதும். கேட்கும் காலம் முடிந்திருந்தால் நிறுவனம் தானே முடிவெடுக்க வேண்டியதுதான். அந்த முடிவை மதிப்பீட்டுப் பொறியாளர் தம் மேசையில் வைத்துக்கொள்ளாமல், விலையை இறுதி செய்யும் கூட்டத்தில் எடுத்து வைப்பது முறை. கால நீட்டிப்பின் மற்ற விளைவுகளும் இங்கேயே எழுதப்பட வேண்டும். பணிப் பாதுகாப்புக்கான வங்கி உத்தரவாதம் நீண்ட நாள் உயிரோடு இருக்க வேண்டும். காப்பீடும் அப்படியே. ஆனால் பணியிடச் செலவு ஆறு மாதம் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு மாதத்துக்கு ஒன்றரை லட்சம் வீதம் 9 லட்சம் சேர்ப்பதும் தவறாகலாம். 12 மாதத்தில் முடிக்க இரண்டு குழாய்க் குழுக்கள் வேண்டும் என்று முதலில் திட்டமிட்டிருந்தால், 18 மாதத்தில் ஒரு குழுவே போதும். செலவு கூடுவதும் குறைவதும் வேலைத் திட்டத்தைத் திரும்பப் போட்டால்தான் தெரியும். இந்த மாற்றத்துக்கு எதிரே தொகை எழுதாமல் ‘வேலைத் திட்டம் மறுபடி போட வேண்டும்’ என்றுதான் எழுத முடியும். அப்படி எழுதுவது குறை அல்ல, சரியான சுருக்கம் அதுதான்.

நான்காவது, இருமுறை மாறிய ஒன்று. குழாய் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் சாலையை வெட்டிச் சீரமைக்கும் கட்டணம் யாருடையது என்ற கேள்விக்கு, பேரூராட்சியே கட்டும் என்று பதில் வந்தது. சுமார் 30 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டிருந்தவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். பிறகு வந்த இரண்டாம் திருத்த அறிவிப்பு, ஒப்பந்தக்காரர் முதலில் கட்ட வேண்டும், ரசீதைக் காட்டினால் அடுத்த பட்டியலில் திரும்பத் தரப்படும் என்றது. தேதியால் பிந்தியது, திருத்த அறிவிப்பாக வந்தது, ஆகவே அதுவே நிற்கும். இப்போது 30 லட்சத்தை விலைக்குள் திரும்பச் சேர்ப்பதும் தவறு, முழுவதும் விடுவதும் தவறு. கட்டிய பணம் நான்கு மாதத்தில் திரும்ப வரும் என்றும், அதற்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி ஆகும் என்றும் எடுத்துக்கொண்டால், விலைக்குள் வர வேண்டியது 1,20,000 ரூபாய் மட்டுமே. இப்படிப்பட்ட இடத்தில் மாற்றப் பட்டியல் பழைய பதிலை அழித்துவிடக் கூடாது. முதல் பதில் என்ன, எந்தத் தேதி, எந்த அறிவிப்பால் நீங்கியது என்று ஒரே கட்டத்தில் மூன்றும் நிற்க வேண்டும். இல்லையென்றால் பழைய பதிலை மட்டும் படித்த இன்னொருவர், நல்ல எண்ணத்தோடேயே பட்டியலைத் ‘திருத்தி’விடுவார்.

ஐந்தாவது, கூட்டத்தில் காதில் விழுந்தது. 5 ஆண்டு பராமரிப்பு மிக நீளம், அதை 2 ஆண்டாகக் குறைக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை, பார்க்கிறோம் என்று அலுவலர் சொன்னார். கூட்டக் குறிப்பில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதிவானது. இரண்டு திருத்த அறிவிப்புகளிலும் அதைப் பற்றி எதுவும் இல்லை. மாதத்துக்கு 60,000 ரூபாய் பராமரிப்புச் செலவு என்றால் 5 ஆண்டுக்கு 36 லட்சம், 2 ஆண்டுக்கு 14,40,000. அலுவலர் சொன்னதை நம்பி 2 ஆண்டுக்கு விலை போட்டவர் 21,60,000 ரூபாயைத் தம் கையிலிருந்து போடப் போகிறார். கூட்டத்துக்குப் போய் நேரில் கேட்டவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். போகாமல் தாளை மட்டும் படித்தவருக்கு அந்த நம்பிக்கை பிறக்க வாய்ப்பே இல்லை. அதனால் சுருக்கும் வேலையைக் கூட்டத்துக்குப் போகாத ஒருவரிடம் கொடுத்து, போய்வந்தவரை அவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. போய்வந்தவர் சொல்வதெல்லாம் தாளில் எங்கே இருக்கிறது என்று மற்றவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஐந்தையும் எழுதி முடித்தபின் மாற்றப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஏறத்தாழ ஒரே வடிவில் இருக்கும். எந்த நிபந்தனை அல்லது அளவுப்பட்டியலின் எந்த வரி, முன்பு என்ன, இப்போது என்ன, எந்தத் தாளின் எந்த எண், எந்தத் தேதி, அது திருத்தமா பதிலா வெறும் பேச்சா, விலையில் எங்கே விழுகிறது, யார் என்ன செய்ய வேண்டும், செய்தாயிற்றா. ‘முன்பு என்ன’ என்பதை ஆவணத்தின் வார்த்தையிலேயே எழுத வேண்டும். நினைவிலிருந்து எழுதினால், நினைவில் ஏற்கெனவே இருந்த ஊகமும் அதோடு கூடவே வந்துவிடும். ‘இப்போது என்ன’ என்பதையும் சுருக்கும் ஆசையில் வெட்டக் கூடாது. ‘கே-9 பொருந்தும்’ என்ற பதிலைச் சுருக்கலாம். ‘ரசீதைக் காட்டினால் அடுத்த பட்டியலில் திரும்பத் தரப்படும்’ என்பதில் ‘ரசீது’, ‘அடுத்த பட்டியல்’ இரண்டும் பணம் வரும் நாளைத் தீர்மானிப்பவை. அவற்றில் ஒன்றை விட்டாலும் வட்டிக் கணக்கு தவறிவிடும்.

விலையில் சேராத மாற்றங்களைத் தனியாக ஒரு சிறு பகுதியில் வைத்தால் போதும். கடைசித் தேதி தள்ளிப்போனது, முன்வைப்புத் தொகைக்கான வங்கி உத்தரவாதம் எத்தனை நாள் செல்ல வேண்டும் என்பது, விலைப்புள்ளி செல்லுபடியாகும் நாள், புதிதாகக் கேட்ட சான்று போன்றவை அதில் வரும். அவை தொகையைத் தொடாவிட்டாலும் தொழில்நுட்ப உறையைத் திறக்கும்போதே ஒருவரை வெளியேற்றும் வலிமை கொண்டவை. குறிப்பாக, கடைசித் தேதி இரண்டு வாரம் தள்ளிப்போனால் ஏற்கெனவே வாங்கி வைத்த வங்கி உத்தரவாதத்தின் முடிவு நாள் போதாமல் போகலாம். திருத்த அறிவிப்பின் எல்லாப் பக்கத்திலும் கையொப்பமிட்டு இணைக்க வேண்டும் என்று சில டெண்டர்கள் கேட்கும். உலக வங்கி ஆவணத்தில், ஒப்பந்தப்புள்ளிக் கடிதத்திலேயே இணைப்புத் திருத்தங்களைப் படித்துவிட்டதாக, எந்த மறுப்பும் இல்லை என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுக்கிறார். அதன்பிறகு ஒரு திருத்தத்தைப் பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

சந்தேகம் மீதியிருந்தால் அதை உறைக் கடிதத்தில் எழுதிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ‘பாறைக்குத் தனி விலை என்ற அடிப்படையில்’ என்று ஒரு வரி சேர்த்தால் அது நிபந்தனையுள்ள விலைப்புள்ளி ஆகிவிடும். பெரும்பாலான டெண்டர்கள் அதைத் தள்ளுபடி செய்கின்றன. ஆகவே பதில் கிடைக்காத சந்தேகத்துக்கு விலையைத் தவிர வேறு இடமில்லை. எவ்வளவு வைப்பது என்பது துணிவையும் அனுபவத்தையும் பொறுத்தது. ஆனால் எந்தச் சந்தேகத்துக்காக எவ்வளவு வைத்தோம் என்பது மாற்றப் பட்டியலில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாவிட்டால், கடைசி நாளில் விலையைக் குறைக்கச் சொல்லும்போது எதை வெட்டுகிறோம் என்று தெரியாமல் வெட்டுவார்கள்.

மின்னணு வழியில் நடக்கும் டெண்டர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. tntenders.gov.in போன்ற அரசுத் தளங்களில் விலையைத் தளமே தரும் எக்செல் கோப்பில்தான் நிரப்ப வேண்டும். கோப்பின் பெயரையோ அமைப்பையோ மாற்றக் கூடாது. குழாயின் தரம் மாறியதுபோல் அளவுப்பட்டியல் திருத்தப்பட்டால், திருத்த அறிவிப்போடு புதிய கோப்பு ஏற்றப்படும். மாற்றப் பட்டியலைச் சரியாகத் தயாரித்து, தொகையையும் சரியாகப் போட்டு, அதைப் பழைய கோப்பில் நிரப்பி ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உழைப்பு முழுவதும் அந்த ஓர் இடத்தில் வீணாகிவிடுகிறது. திருத்தம் வருவதற்கு முன்பே விலையை ஏற்றிவிட்டவர்கள், அதைத் திரும்பப் புதிய கோப்பில் ஏற்ற வேண்டும். கடைசி நாள் காலையில் தளத்தைத் திறந்து, திருத்த அறிவிப்புகள் எத்தனை என்று எண்ணி, மாற்றப் பட்டியலின் தலைப்பில் எழுதியுள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாததால் மூன்றாவதாக வந்த திருத்தம் தெரியாமலே போனதுண்டு.

சுருக்கம் சரியா என்று அறியும் வழி, அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான். பட்டியலைத் தயாரிக்காத ஒருவர் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, நிரப்பிய அளவுப்பட்டியலின் ஒவ்வொரு வரியாகப் போய், இந்த மாற்றம் இந்தத் தொகையில் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். தோண்டும் விலையில் அந்த 135 ரூபாய் எங்கே என்று கேட்டால் விலைப் பகுப்புத் தாளில் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். அதன்பிறகு 41 கேள்விகளையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்கிறதா, அல்லது விலையைத் தொடாதது என்று குறியிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் குறியும் இல்லாத கேள்வி ஒன்று அகப்பட்டால், அது படிக்கப்படாத கேள்வி.

டெண்டர் கிடைத்துவிட்டால் இந்தப் பட்டியலின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில், கட்டி வைத்த ஆவணத்தில் இரண்டு திருத்த அறிவிப்புகளும், பதில் பட்டியலுக்கு நிபந்தனையின் மதிப்பு உண்டு என்றால் அதுவும் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில நேரம் பழைய நிபந்தனைப் புத்தகமே அப்படியே கட்டப்பட்டு வந்துவிடும். அப்போது மாற்றப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முடிக்கும் காலம் 18 மாதம் என்று இருக்கிறதா, சாலை வெட்டும் கட்டணத்தைத் திரும்பத் தரும் வரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.